176 நிமிடமா, 45 நிமிடமா? கோப்பின் அளவை வைத்து ஒலிப்பதிவின் நீளத்தைக் கணிப்பது

கேள்வி: அண்ணா, செம்பவாங் கடற்படைத் தளத்துல வேலை பார்த்த பெரியவங்க சிலரோட பேச்சை எங்க குழு கைப்பேசி ஆப்புல MP3-யாப் பதிவு செஞ்சு வச்சிருக்கு. எழுத்தாக்கித் தர்றவங்க நிமிடத்துக்கு 2 வெள்ளி கேக்குறாங்க. ஒரு கோப்பு 41.5 MB. கணினியில 2 மணி 56 நிமிடம்னு காட்டுது. ஆப்புல 128 kbps-னு இருந்துச்சு, அதை வச்சுக் கணக்குப் போட்டா 45 நிமிடம்தான் வருது. கைப்பேசியில ஓட்டினா மொத்த நேரமே ஓட ஓடக் குறைஞ்சுக்கிட்டு வருது. நாங்க உக்காந்து பேசினது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலனு ஞாபகம். கோப்பையும் அனுப்பியிருக்கேன். அளவையும் பிட்ரேட்டையும் வச்சு நேரத்தைச் சரியா எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதே மாதிரி இன்னும் 11 கோப்பு இருக்கு, மொத்தம் 468 MB.

பதில்:

நீங்கள் அனுப்பிய பதிவின் உண்மையான நீளம் 1 மணி 12 நிமிடம் 6 விநாடி. உங்கள் ஞாபகம்தான் சரி. கணினி காட்டியதும் நீங்கள் கணக்குப் போட்டதும் ஒரே சூத்திரத்திலிருந்து வந்தவை. சூத்திரத்தில் பிழை இல்லை, அதற்குள் போட்ட பிட்ரேட்தான் இரண்டு இடத்திலும் தவறு.

முதலில் அந்தச் சூத்திரம்:

```
விநாடி = பைட் × 8 ÷ பிட்ரேட்
```

பிட்ரேட் என்பது ஒரு விநாடி ஒலிக்கு எத்தனை பிட் செலவாகிறது என்ற கணக்கு. 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். 128 kbps என்றால் விநாடிக்கு 128,000 பிட், அதாவது 16,000 பைட். ஒரு நிமிடத்துக்கு 960,000 பைட். இதனால்தான் 128-இல் பதிவு செய்தவர்கள் ‘ஒரு MB, ஒரு நிமிடம்’ என்று வாய்க்கணக்காகச் சொல்கிறார்கள். அவசரத்துக்கு அது போதும்.

காசு கைமாறும் இடத்தில் அது போதாது. MB என்று திரையில் வருவது எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. விண்டோஸ் ஒரு MB-யை 1,048,576 பைட்டாக எண்ணுகிறது, மேக் 1,000,000 பைட்டாக எண்ணுகிறது. உங்கள் விண்டோஸில் 41.5 MB என்று வரும் அதே கோப்பு மேக்கில் 43.6 MB என்று வரும். பிட்ரேட்டில் உள்ள ‘கிலோ’ மட்டும் எப்போதும் 1000தான். விண்டோஸின் MB-யைப் பத்து லட்சம் பைட் என்று எடுத்துக்கொண்டால் விடை கிட்டத்தட்ட 5 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு மணி நேரப் பதிவில் அது ஏறக்குறைய 3 நிமிடம், உங்கள் கணக்கில் 6 வெள்ளி. இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப எளிய வழி, MB என்ற எண்ணைத் தொடாமல் இருப்பது. கோப்பின் மேல் வலது சொடுக்கி Properties-ஐத் திறந்தால் அடைப்புக்குறிக்குள் முழு பைட் எண்ணிக்கை இருக்கும். உங்கள் கோப்பில் அது 43,618,304. அந்த எண்ணை வைத்தே கணக்குப் போடுங்கள்.

அதை 16,000-ஆல் வகுத்தால் 2,726 விநாடி, அதாவது 45 நிமிடம் 26 விநாடி. நீங்கள் கண்ட விடை இதுதான். வகுத்தல் சரி. ஆனால் அந்த ஆப்பில் 128 என்று இருந்தது உச்சவரம்பு. ஒவ்வொரு விநாடியும் 128,000 பிட் செலவழிப்பேன் என்று அது சொல்லவில்லை, அதற்கு மேல் போகமாட்டேன் என்றுதான் சொல்கிறது. உங்கள் கோப்பு மாறும் பிட்ரேட்டில், VBR என்று அமைப்புகளில் பார்த்திருப்பீர்களே, அந்த முறையில் எழுதப்பட்டிருக்கிறது. பெரியவர் பேசும்போது அதிக பிட், யோசித்து நிறுத்தும்போது குறைந்த பிட். நிலையான பிட்ரேட்டில், அதாவது CBR-இல் எழுதிய கோப்பாக இருந்தால் உங்கள் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கும்.

கணினி எப்படி 2 மணி 56 நிமிடத்துக்குப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்ற 11 கோப்புகளிலும் உங்களுக்கு இதுதான் காத்திருக்கிறது.

MP3 கோப்பில் ‘இந்தப் பதிவு இத்தனை நிமிடம்’ என்று எழுதி வைக்க அந்த வடிவத்திலேயே கட்டாயமான இடம் கிடையாது. கோப்பு முழுவதும் ஃபிரேம் எனப்படும் சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எம்ஆர்டி ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பெட்டியின் விவரம் மட்டும் ஒட்டியிருந்து, மொத்தம் எத்தனை பெட்டி என்று எங்கேயும் எழுதாமல் விட்டால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு ஃபிரேமும் 1,152 ஒலிமாதிரிகளை, அதாவது ஒலியை அடுத்தடுத்து அளந்து எடுத்த எண்களைத் தாங்குகிறது. உங்கள் பதிவில் விநாடிக்கு 44,100 மாதிரிகள். ஆக ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 26 மில்லிவிநாடி நீளம். பிட்ரேட் என்னவாக இருந்தாலும் இந்த நீளம் மாறாது, ஃபிரேமின் பருமன்தான் மாறும். 128 kbps ஃபிரேம் 417 அல்லது 418 பைட் இடம் பிடிக்கும். 32 kbps ஃபிரேமுக்கு 104 அல்லது 105 பைட் போதும்.

ஒவ்வொரு ஃபிரேமின் தலையிலும் 4 பைட் குறிப்பு இருக்கிறது, அந்த ஃபிரேமின் பிட்ரேட் அதில்தான் அடங்கியிருக்கிறது. உங்கள் கோப்பை, பைட்டுகளை அப்படியே குறியீடுகளாகக் காட்டும் ஹெக்ஸ் பார்வையில் திறந்தபோது முதல் ஃபிரேம் `FF FB 10` என்று தொடங்கியது. மூன்றாவது பைட்டில் உள்ள 1 என்ற இலக்கம் 32 kbps-ஐக் குறிக்கிறது. கொஞ்சம் கீழே, பேச்சு தொடங்கிய இடத்தில் `FF FB 90` என்று வருகிறது, அந்த 9 என்பது 128 kbps. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு நீங்கள் யாரும் பேசாமல் இருந்த முதல் சில விநாடிகளுக்கு ஆப் மிகக் குறைந்த பிட்ரேட்டைக் கொடுத்திருக்கிறது. கணினி அந்த முதல் ஃபிரேமை மட்டும் படித்துவிட்டு, கோப்பு முழுவதும் 32 kbps என்று எடுத்துக்கொண்டு வகுத்துவிட்டது. கோப்பில் ஒலி மட்டும் 42,405,888 பைட், அதை விநாடிக்கு 4,000 பைட் என்று வகுத்தால் 10,601 விநாடி வருகிறது, அதாவது 2 மணி 56 நிமிடம் 41 விநாடி. திரையில் நீங்கள் பார்த்தது சரியாக இதுதான். எழுத்தாக்குபவர் அந்த எண்ணை வைத்து விலைச்சீட்டு கொடுத்தால் 352 வெள்ளி கேட்பார். உண்மையில் 72 நிமிடத்துக்கு 144 வெள்ளிதான்.

கைப்பேசியில் மொத்த நேரம் ஓட ஓடக் குறைவதற்கும் காரணம் அதுவே. அந்த ஆப் தொடக்கத்தில் ஒரு மதிப்பீடு போட்டுக்கொண்டு, ஓடும்போது கண்ணில் படும் ஃபிரேம்களை வைத்து அதைத் திருத்திக்கொண்டே போகிறது. மொத்த நேரம் இப்படி நகர்ந்துகொண்டிருந்தாலோ, நடுவில் தட்டினால் வேறு எங்கோ போய் நின்றாலோ, திரையில் இருப்பது அளந்த நேரம் இல்லை, ஊகித்த நேரம் என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம்.

மாறும் பிட்ரேட் கோப்புகள் எல்லாமே இப்படித் தடுமாறுவதில்லை. ஒழுங்காக எழுதும் மென்பொருள், பதிவு முடிந்ததும் முதல் ஃபிரேமுக்குத் திரும்பி வந்து, மொத்தம் எத்தனை ஃபிரேம் என்ற எண்ணிக்கையை அங்கே எழுதி வைக்கும். ஹெக்ஸ் பார்வையில் அந்த இடத்தில் `Xing` என்ற நான்கு எழுத்து கண்ணில் படும், நிலையான பிட்ரேட் கோப்பாக இருந்தால் `Info` என்று இருக்கலாம். அந்தக் குறிப்பு இருந்தால் பதிவை ஓட்டிக் காட்டும் இயக்கி எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. உங்கள் கோப்பில் அது இல்லை. ஒலி வர வர எழுதிக்கொண்டே போய், முடிந்ததும் முன்னால் திரும்பாமல் மூடிவிடும் ஆப்களில் இப்படி நடக்கும். நீளமான பதிவை இரண்டாக வெட்டித் தரும் சில கருவிகளிலும் நடக்கும்.

இனி, 1 மணி 12 நிமிடம் என்று நான் எப்படிச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். வகுப்பதை விட்டுவிட்டு ஃபிரேம்களை எண்ணச் சொன்னேன். ffmpeg என்ற இலவசக் கருவியோடு சேர்ந்து வரும் ffprobe இதைச் செய்யும்:

```
ffprobe -v error -select_streams a:0 -count_packets -show_entries stream=nb_read_packets pechu.mp3
```

கிடைத்த எண்ணிக்கை 165,604. அதை 1,152-ஆல் பெருக்கி 44,100-ஆல் வகுத்தால் 4,325.98 விநாடி. பெருக்கி வகுக்க விருப்பமில்லை என்றால் கோப்பை முழுவதும் ஒருமுறை படிக்க வைத்துவிடுங்கள்:

```
ffmpeg -i pechu.mp3 -map 0:a -f null -
```

இது எதையும் புதிதாக எழுதாது. ஒலி முழுவதையும் விரித்துப் பார்த்துவிட்டுக் கடைசி வரியில் `time=01:12:05.98` என்று சொல்லும். அதே ffmpeg, கோப்பைத் திறந்தவுடன் `Estimating duration from bitrate, this may be inaccurate` என்று ஓர் எச்சரிக்கையும் கொடுக்கிறது. அதைக் கண்டால் மேலே Duration என்று வரும் வரியை நம்பாதீர்கள். கடைசியில் வரும் time-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதில் ஒரு கவனம் வேண்டும். விநாடிக்கு 16,000, 22,050, 24,000 மாதிரிகள் என்று பதிவான MP3-களில் ஒரு ஃபிரேமில் 576 மாதிரிகள்தான் இருக்கும். பேச்சுக்கென்று செய்த பதிவுக் கருவிகள் இடத்தைச் சேமிக்க இந்த வேகங்களைப் பயன்படுத்துவதுண்டு. அங்கே போய் 1,152-ஆல் பெருக்கினால் விடை இரட்டிப்பாகிவிடும்.

உண்மையான நேரம் தெரிந்ததும் சூத்திரத்தைத் திருப்பிப் போடலாம்: பைட்டை 8-ஆல் பெருக்கி விநாடியால் வகுத்தால் சராசரி பிட்ரேட் கிடைக்கும். அதற்கு முன் இன்னொன்றைக் கழிக்க வேண்டும். உங்கள் குழுவின் சின்னத்தைக் கோப்புக்குள் அட்டைப்படமாக ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் படம் கொஞ்சம் பெரியது, அதோடு சேர்ந்த தகவல் பகுதி மட்டும் 1,212,416 பைட். அதில் ஒலியே கிடையாது. அதைக் கழித்தால் மிஞ்சும் ஒலி 42,405,888 பைட், சராசரி 78.4 kbps. கணினி காட்டிய எண்ணில் அந்தப் படம் சேரவில்லை, அது படத்தைத் தாண்டிப் போய்த்தான் வகுத்திருக்கிறது. கையால் கணக்குப் போடும் நாம்தான் அதைச் சேர்த்துக்கொண்டுவிடுவோம். பாட்டுக் கோப்புகளில் பெரும்பாலும் பொருட்படுத்த வேண்டியதில்லை. மெல்லிய பிட்ரேட்டில் உள்ள பேச்சுக் கோப்பில் ஒரு படம் நிமிடக்கணக்கில் கணக்கைக் கெடுத்துவிடும்.

மீதி 11 கோப்புகளின் பட்டியலைத் தவிர வேறொன்றும் கையில் இல்லை, இன்றைக்கே தோராயச் செலவு சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் அளவை வைத்துக் கணிப்பது உண்மையிலேயே கை கொடுக்கும். ஒரே ஆப், ஒரே அமைப்பு, ஒரே மாதிரி நேர்காணல் என்றால், அளந்து முடித்த ஒரு கோப்பின் சராசரியை மற்றவற்றுக்கும் போடலாம். 78.4 kbps என்பது விநாடிக்கு 9,803 பைட். 468 MB என்று விண்டோஸ் காட்டினால் 490,733,568 பைட். 11 கோப்பிலும் அதே படம் ஒட்டியிருந்தால் அதற்கு 13,336,576 பைட்டைக் கழியுங்கள். மிஞ்சியதை 9,803-ஆல் வகுத்தால் 48,699 விநாடி, ஏறக்குறைய 13 மணி 32 நிமிடம். படத்தைக் கழிக்காமல் விட்டிருந்தால் கிட்டத்தட்ட 23 நிமிடம் கூடியிருக்கும்.

இந்த 13 மணி 32 நிமிடம் ஒரு மதிப்பீடுதான், எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். மாறும் பிட்ரேட்டில் சத்தம் கூடினால் பிட்டும் கூடும். வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டு எடுத்த பேட்டிக்கும், புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் மின்விசிறியும் பாத்திரச் சத்தமும் பின்னால் ஓட எடுத்த பேட்டிக்கும் ஒரே சராசரி வராது. காப்பிக்கடைப் பதிவு நிமிடத்துக்கு அதிக பைட்டைத் தின்னும். அதற்கு வீட்டுச் சராசரியைப் போட்டால் உண்மையைவிட நீளமாகக் காட்டும். நிறுத்தி நிறுத்திப் பேசும் பெரியவரின் பதிவில் இதற்கு நேர்மாறு. அதனால் இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வகையிலும் ஒரு கோப்பையாவது எண்ணிப் பார்த்துவிட்டு அதன் சராசரியை அந்த வகைக்கு மட்டும் போடுவது நல்லது. ஒரு கோப்பின் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்துச் சராசரி காணாதீர்கள். தொடக்கத்தில் அமைதிதான் அதிகம், கணினி எடுத்த அதே தவறான முடிவுக்குத்தான் நீங்களும் போவீர்கள்.

எந்தக் கோப்பின் நேரத்தையும் நம்பலாமா என்று பார்க்க ஒரு விரைவுச் சோதனை இருக்கிறது. திரையில் காட்டும் நேரத்தையும், படத்தைக் கழித்த பைட்டையும் வைத்துச் சராசரி பிட்ரேட்டைக் கண்டுபிடித்து, அது நடக்கக்கூடிய எண்ணா என்று பாருங்கள். உங்கள் கோப்பில் கணினியின் நேரத்தைப் போட்டால் சரியாக 32 வருகிறது. உச்சவரம்பு 128 என்று அமைத்த ஆப்பில், ஒரு மணி நேரத்துக்கு மேல் மனிதர் பேசியும் சராசரி ஆகக் கீழே 32-லேயே கிடப்பது நடக்காத காரியம். 72 நிமிடம் என்று காட்டும் கோப்பு 12,000,000 பைட்தான் என்றால் சராசரி 22 வரும். 44,100 வேகத்தில் MP3-இன் மிகக் குறைந்த பிட்ரேட்டே 32 என்பதால் அந்தக் கோப்பு முழுமையாக இல்லை. முன்னால் ஃபிரேம் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் நகலெடுக்கும்போது பாதியில் அறுந்திருக்கிறது. மறுபக்கம், 128 என்று அமைத்த கோப்பில் 250 வந்தால், இரண்டு பதிவை ஒட்டியிருக்கிறார்கள், இயக்கி முதல் பதிவின் குறிப்பை மட்டும் படித்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். மூன்று இடத்திலும் ஃபிரேமை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

WAV கோப்பு ஏதாவது இருந்தால் அங்கே நிலைமை நேர் எதிர். சுருக்கப்படாத ஒலி என்பதால் சூத்திரம் துல்லியமாகவே விடை தரும். 44,100 மாதிரி, 16 பிட், ஒற்றைத் தடம் என்றால் விநாடிக்கு 88,200 பைட், இரட்டைத் தடம் என்றால் 176,400. பதிவின் நடுவே பேட்டரி செத்துவிட்டால் WAV-இன் தலைப்பகுதியில் நீளம் எழுதப்படாமல் 0 என்று நின்றுவிடும், இயக்கியும் 0:00 என்று காட்டும். அழித்துவிடாதீர்கள். கோப்பு 317,520,044 பைட் இருக்கிறது என்றால், வழக்கமான 44 பைட் தலைப்பகுதியைக் கழித்து 88,200-ஆல் வகுங்கள், 3,600 விநாடி வரும். ஒரு மணி நேரப் பேச்சு உள்ளே பத்திரமாக இருக்கலாம். ஒற்றைத் தடமா இரட்டைத் தடமா என்பதில் தவறினால் விடை பாதியாகவோ இரட்டிப்பாகவோ போகும், அதைக் கருவியின் அமைப்பில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, எழுத்தாக்குபவருக்குக் கோப்புகளை அனுப்பும் முன் அவற்றைச் சரிசெய்து அனுப்புங்கள். அவருக்கும் நேரம் தவறாகத் தெரிந்தால், ‘43-ஆவது நிமிடத்தில் ஊர்ப் பெயர் புரியவில்லை’ என்று அவர் எழுதும் குறிப்பு உங்கள் திரையில் வேறொரு இடத்தைக் காட்டும். MP3-கள் உள்ள கோப்புறையில் `puthu` என்று ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கிவிட்டு, MP3-கள் உள்ள அதே கோப்புறையில் திறந்த விண்டோஸ் cmd கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுங்கள்:

```
for %f in (*.mp3) do ffmpeg -i "%f" -map 0:a -c copy "puthu\%f"
```

இது ஒலியை மறுபடி சுருக்காது, தரம் துளியும் குறையாது. ஃபிரேம்களை அப்படியே நகலெடுத்து, எண்ணிக்கையை `Xing` குறிப்பாக முன்னால் எழுதிவிடும். அட்டைப்படத்தையும் விட்டுவிடும். பிறகு `puthu` கோப்புறையில் Length பத்தியைக் காட்டச் சொன்னால் 12 கோப்பின் நேரமும் சரியாக வரும், அவற்றைக் கூட்டி அந்த எண்ணுக்கு விலைச்சீட்டு கேளுங்கள். மூலக் கோப்புகளை மட்டும் தொடாமல் தனியே வைத்திருங்கள்.